தோஹா மாப்பிள்ளை, நெல்லைப் பெண், ஒரே பத்திரிகைப் படம்

பெண் திருநெல்வேலி. மாப்பிள்ளைக்குத் தோஹாவில் வேலை. பெரியவர்கள் கூடி நிச்சயம் செய்துவிட்டார்கள், ஆனால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான். பத்திரிகையை ஒரு மாதம் முன்பே அச்சடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய் வைக்கவேண்டும். முகப்பில் இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும் என்பது இருவருடைய விருப்பம். பாளையங்கோட்டையில் நான் வேலை செய்யும் ஸ்டுடியோவுக்குப் பெண்ணின் தாய்மாமா வந்து கேட்டது இதைத்தான்.

இப்படிச் சேர்த்த படங்களைப் பார்த்ததும் "ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே" என்று சொல்லிவிடுவார்கள். உடனே எல்லாரும் தலைமுடி ஓரத்தைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வெட்டிய ஓரம் அல்ல. இரண்டு பேரையும் இரண்டு உயரத்திலிருந்து, இரண்டு தூரத்திலிருந்து, இரண்டு பக்க வெளிச்சத்தில் எடுத்திருப்பார்கள். எது பொருந்தவில்லை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண் கண்டுபிடித்துவிடும். கேமரா உயரம், தூரம், வெளிச்சத்தின் திசை ஆகிய மூன்றையும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்ய முடியாது. நிறத்தைச் சரிசெய்யலாம். அதனால் இந்த வேலையில் பாதி, படம் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பெண்ணை எங்கள் ஸ்டுடியோவிலேயே எடுத்தோம். அரக்குப் பட்டு, தலையில் மல்லிகை. வெளிச்சத்தை மென்மையாக்கும் நாலடி அகல எண்கோணப் பெட்டி, ஆக்டாபாக்ஸ் ஒன்று, கேமராவுக்கு இடப்பக்கம், முகத்துக்குச் சற்று மேலே, 45 டிகிரி சாய்வில். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர். பின்னால் சாம்பல் நிறக் காகிதம். சாம்பல் என்பதற்குக் காரணம் உண்டு: பச்சைத் திரைக்கு முன் நிறுத்தினால் முடியிலும் தோளிலும் பச்சை ஏறிவிடும், பிறகு அதைக் கழுவுவதே தனி வேலை. 85 மி.மீ. லென்ஸ், பத்தடி தூரம், தரையிலிருந்து கேமரா நாலரை அடி. இந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை இவைதான்.

மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு படம் அனுப்பியிருந்தார். மதிய வெயிலில் பால்கனியில் நின்று, அறை நண்பர் போனில் எடுத்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததால் சுருங்கி, நீளவாக்கில் 1600 பிக்சல்தான் இருந்தது. அது ஒரு குறை, ஆனால் பெரிய குறை அல்ல. உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்து, மூக்கின் நிழல் நேராக உதட்டில் விழுந்திருந்தது. மூன்றடி தூரத்தில் அகன்ற லென்ஸில் எடுத்ததால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னால் ஒதுங்கியும் தெரிந்தன. முகத்தின் இந்த அமைப்பைத் தீர்மானிப்பது தூரம்தான். பெரிய லென்ஸ் போடுவதன் பயன், பத்தடி தள்ளி நின்றாலும் ஆள் ஃபிரேமில் நிறைவாக இருப்பார் என்பது.

இந்தப் படத்தை வைத்துச் செய்ய முடியாது என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. "அண்ணாச்சி, இன்னிக்கு எல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்றாங்கல்லா?" என்றார். இரண்டு முகங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். பெண்ணின் மூக்கு நிழல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, மாப்பிள்ளையின் மூக்கு நிழல் கீழே விழுகிறது. "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நிக்கலியே" என்று அவரே சொன்னார். அப்புறம் மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுத்தார்.

மாப்பிள்ளைக்கு நான் சொன்னவை இவை. பெரிய ஜன்னல் ஒன்றின் பக்கத்தில், வெயில் நேராக விழாத நேரத்தில் நில்லுங்கள். ஜன்னல் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கட்டும். இதை இப்படித்தான் சொல்ல வேண்டும். "இடப்பக்கம்" என்று மட்டும் சொன்னால் எடுப்பவரின் இடமா, நிற்பவரின் இடமா என்று குழம்பி, ஜன்னல் எதிர்ப்பக்கம் போய்விடும். ஜன்னலிலிருந்து ஐந்தடி தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டுவிடும். இடக்கைப் பக்கம் யாராவது ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடிக்கட்டும். அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போன் பத்தடி தூரத்தில், 3x லென்ஸில், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், அது பின்னணியை மங்கலாக்கும்போது முடியின் ஓரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். போன் மெருகேற்றாத ரா ஃபைலாக எடுக்க முடிந்தால் எடுங்கள், அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

நாலரை அடி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "இருவரையும் அவரவர் கண் மட்டத்தில் எடு" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. இருவரும் உண்மையில் சேர்ந்து நின்றிருந்தால் கேமரா ஒரே இடத்தில்தான் இருந்திருக்கும். பெண் ஐந்தடி மூன்று அங்குலம், மாப்பிள்ளை ஐந்தடி ஒன்பது. ஒரே கேமரா மாப்பிள்ளையைக் கொஞ்சம் கூடுதலாகக் கீழிருந்து பார்க்கும், பெண்ணை ஏறக்குறைய நேராகப் பார்க்கும். அவரவர் கண் மட்டத்தில் எடுத்துவிட்டு உயர வித்தியாசத்தோடு ஒட்டினால், தாடைக் கோட்டில் அது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்டேன். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஓர் அட்டையில் பல அடுக்காகச் சுற்றி, முதல் படத்தில் மட்டும் முகத்தருகே பிடிக்கச் சொன்னேன். வெள்ளை என்றால் வேட்டி, சட்டை, ஏ4 தாள் எல்லாம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் துணிக்கும் தாளுக்கும் போடும் வெளுப்பான், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும். அதை அளவாக வைத்து நிறத்தைச் சரிசெய்தால் முகம் மஞ்சளாகிவிடும். டெஃப்லானில் அந்த வெளுப்பான் கிடையாது. மல்லிகையும் பட்டுச் சட்டையும் தூய வெள்ளை இல்லை, இரண்டுமே கொஞ்சம் தந்த நிறம்.

புதிய படம் நன்றாக வந்தது. ஜன்னல் சரியான பக்கம், மூக்கின் நிழல் பெண்ணுக்கு விழுந்த அதே பக்கம். ஒருவேளை பக்கம் மாறியிருந்தால் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாப்பிள்ளையைத் திருப்பினால் சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் போகும், பட்டன் பட்டி மாறும், வகிடு மாறும், வாட்ச் மறு கைக்குப் போகும். பெண்ணைத் திருப்பவே கூடாது. முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், வீட்டுப் பெண்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். மூக்குத்தியும் இடம் மாறும். தன் முகத்தையே அந்நியமாகப் பார்க்க வைப்பது கல்யாணப் பத்திரிகையில் செய்யக்கூடிய காரியம் இல்லை.

இனி நிறம். பெண்ணின் படத்தைச் சாம்பல் அட்டையை வைத்தும், மாப்பிள்ளை படத்தை டெஃப்லானை வைத்தும் தனித்தனியாக நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். முதலிலேயே ஒன்றை இன்னொன்றைப் போல ஆக்க முயன்றால் எது யாருடைய குறை என்றே தெரியாமல் போகும். மாப்பிள்ளை படத்தில் டெஃப்லான் காட்டிய கணக்கு 7000 கெல்வினுக்குப் பக்கம். ஜன்னல் வழியாக வந்தது நீல வானத்தின் வெளிச்சம். அதைச் சரிசெய்த பிறகும் முகம் சரியாக இல்லை. நெற்றி இன்னும் லேசாக நீலம், தாடையும் கழுத்தும் மஞ்சள். எதிரே மணல் நிறக் கட்டிடம் ஒன்று இருப்பதாக மாப்பிள்ளை சொன்னதும் காரணம் புரிந்தது. அதன் கீழ்ப்பாதியில் வெயில் பட்டு, அங்கிருந்து மஞ்சள் வெளிச்சம் கீழிருந்து மேலாக வந்திருக்கிறது. மேலிருந்து வானம், கீழிருந்து சுவர், ஒரு முகத்தில் இரண்டு நிறம்.

முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம் போட்டால் இது போகாது. ரா ஃபைலைத் திறந்த இடத்திலேயே மேலிருந்து படிப்படியாக மங்கும் ஒரு கிரேடியண்ட் மாஸ்க் இழுத்து மஞ்சளைக் கூட்டினேன், கீழிருந்து ஒன்று இழுத்துக் குறைத்தேன். இரண்டும் மூக்கு மட்டத்தில் மங்கி மறைய வேண்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் நிற எண்ணை அளந்தேன். மூன்றும் ஒரே திசையில் வந்தால் போதும்.

அடுத்து வெட்டுதல். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போட்டோஷாப்பின் Select and Mask வைத்து முடி ஓரத்தைப் பிடித்தேன், மல்லிகையைக் கையால் மாஸ்க் வரைந்தேன். மாப்பிள்ளையின் காதோரம் அறைச் சுவரின் மஞ்சள் ஒட்டியிருந்தது. Decontaminate Colors அதைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது, மிச்சத்தை Color மோடில் பிரஷ் வைத்து முடியின் நிறத்தால் மூடினேன்.

உயரம் வைப்பதற்கு முகத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். தாடையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய ஒன்பது அங்குலம். இருவருக்கும் ஆறு அங்குல வித்தியாசம் என்றால் அது மாப்பிள்ளையின் தலை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பெண்ணின் கண்கள் மாப்பிள்ளையின் தாடைக்குச் சற்றுக் கீழே வரும். பெண் கல்யாணத்தன்று இரண்டு அங்குலச் செருப்பு போடுவதாகச் சொன்னதால் அவளைக் கொஞ்சம் ஏற்றினேன். கண்கள் உதட்டுக்கும் தாடைக்கும் நடுவே வந்தன. தலைகளின் பருமனும் ஒத்துவர வேண்டும். அழகாகத் தெரியட்டும் என்று பெண்ணின் தலையைச் சிறிதாக்கினால், அவள் இரண்டடி பின்னால் நிற்பதுபோல் ஆகிவிடும்.

இருவரையும் நிறுத்தியபின், எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிற லேயர் ஒன்றை Color மோடில் போட்டேன். திரையில் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறம் கண்ணை ஏமாற்றும், அதனால் வெளிச்சத்தை முதலில் நிறமில்லாமல் பொருத்த வேண்டும். அப்போதுதான் தெரிந்தது: பெண்ணின் வெளிச்சக் கன்னத்துக்கும் நிழல் கன்னத்துக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு. மாப்பிள்ளைக்கு இரண்டு ஸ்டாப் இருந்தது. படுக்கை விரிப்பைத் தள்ளிப் பிடித்திருக்கிறார்கள் போல. நிறத்தில் பார்த்தபோது "மாப்பிள்ளை கொஞ்சம் டல்லா இருக்கார்" என்று மட்டும்தான் தோன்றியது. முழு ஆளையும் பிரகாசமாக்கியிருந்தால் வெளிச்சக் கன்னம் வெளுத்திருக்கும், நிழல் அப்படியே இருந்திருக்கும்.

நிழல் பக்கத்தை மட்டும், வெளிச்ச அளவை வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் வைத்துத் தூக்கி, மாஸ்க்கில் பெரிய மென்மையான பிரஷால் கன்னம், கழுத்து, சட்டையின் இருண்ட பாதி என்று வரைந்தேன். ஷேடோஸ் ஸ்லைடரை இழுத்தால் இதைவிடச் சீக்கிரம் ஆகும், ஆனால் அது முடியையும் மீசையையும் சேர்த்துத் தூக்கிச் சாம்பலாக்கும். முடியின் கறுப்புக்கு இந்த வேலையில் தனி இடம் உண்டு. இருவரும் கறுப்பு முடிக்காரர்கள், அதனால் படத்தில் மிக இருண்ட புள்ளி இருவருக்கும் அங்கேதான். பெண்ணின் முடி நிழலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 9, 10 என்ற அளவில் இருந்தன. மாப்பிள்ளைக்கு 14, 17, 26. கறுப்பு உயர்ந்து, நீலமும் ஏறியிருக்கிறது. போனின் லென்ஸில் ஜன்னல் வெளிச்சம் சிதறியதால் வந்த மூட்டம் அது. கர்வ்ஸில் ஒவ்வொரு சேனலின் அடிமுனையையும் தனியாக உள்ளே நகர்த்தி, மூன்றையும் பத்துக்கு அருகே இறக்கினேன். இந்த ஒரு திருத்தத்தில் கிடைத்த ஒற்றுமை வேறு எதிலும் கிடைக்கவில்லை. அதுவரை மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தார்.

சாம்பல் லேயரை எடுத்துவிட்டுத் தோல் நிறத்துக்கு வந்தபோது மாமாவும் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார்கள். பெண் மாநிறம், மாப்பிள்ளை அவளைவிடச் சிவப்பு. "மாப்பிள்ளை கலருக்குப் பிள்ளையையும் கொஞ்சம் ஏத்திருங்க அண்ணாச்சி, ரெண்டும் மேட்ச்சா இருக்கும்லா" என்றார் மாமா. இது வராத வீடு குறைவு. நான் மாட்டேன் என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

பொருத்த வேண்டியது வெளிச்சத்தை, ஆளை அல்ல. தோலில் நிறத்தின் திசை என்று ஒன்று, அடர்த்தி என்று ஒன்று. ஒரே வெளிச்சத்தில் நிற்கும் இருவரின் தோலும் திசையில் பெரும்பாலும் அருகருகே இருக்கும், அடர்த்தியில் வேறுபடும். போட்டோஷாப்பின் நிறச் சக்கர எண்ணில் பெண்ணின் கன்னம் 20 டிகிரியைச் சுற்றி இருந்தது. மாப்பிள்ளைக்கு 27, அதாவது மஞ்சள் பக்கம் சாய்வு. அந்தச் சுவரின் மிச்சம்தான். அதை 21, 22 வரைக்கும் திருப்பினேன். இருவரின் அடர்த்தியையும் தொடவில்லை. பெண்ணின் முகத்தை ஏற்றினால் கழுத்தும் கையும் தனியாக நிற்கும். அவற்றையும் ஏற்றினால் நகைக்குப் பின்னால் தோல் வெளுத்துத் தங்கம் மங்கிப்போகும். அதற்கும் மேலாக, வெளிச்சம் வருவது மாப்பிள்ளை நிற்கும் பக்கத்திலிருந்து. விளக்கிலிருந்து தள்ளி நிற்பவர் மேல் விழும் வெளிச்சம், பக்கத்தில் நிற்பவர் மேல் விழுவதற்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருக்கலாம், கூடுதலாக இருக்க முடியாது. ஏற்றினால் மறுபடி ஒட்டுப்போட்ட படமாகிவிடும்.

இது தொழில்நுட்பக் காரணம். எனக்கு இதைவிட முக்கியமான காரணம் வேறு. கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேரும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு மணமேடையில் அவளைப் பார்ப்பார்கள். அவள் முகத்தைத் திருத்த வேண்டிய ஒன்றாக அச்சில் சொல்லிவிட்டு, அப்புறம் அவளை அங்கே உட்காரவைப்பது எனக்குச் சம்மதம் இல்லை. பெண்ணின் அம்மா, "அவ இருக்கிற மாதிரியே இருக்கட்டும் அண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, இனி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் படுவது. பெண் மாப்பிள்ளைக்கு இடக்கைப் பக்கம் நிற்க வேண்டும் என்றார்கள். பார்ப்பவருக்கு அவள் வலப்பக்கம், அவளுடைய தோள் அவருடைய கைக்குப் பின்னால். வெளிச்சம் இடமிருந்து வருவதால் அவருடைய மேல்கையின் நிழல் அவள் தோளில் விழ வேண்டும். அடியில் இருப்பதை இருட்டாக்கும் Multiply லேயரில் அதை வரைந்தேன், கறுப்பால் அல்ல, சேலையின் சொந்த இருண்ட அரக்கு நிறத்தால். தொடும் இடத்தில் ஒரு மெல்லிய அடர்ந்த கோடு, இரண்டு விரல் தள்ளி அது கரைந்துவிட வேண்டும். ஆக்டாபாக்ஸும் ஜன்னலும் பெரிய ஒளிமூலங்கள், அவற்றில் கூர்மையான நிழல் விழாது. அதேபோல் அரக்குப் பட்டின் சிவப்பு, அவருடைய தந்த நிறச் சட்டைக் கையில் லேசாகப் பிரதிபலிக்க வேண்டும். அதை Color மோடில் பத்து சதவீத அடர்த்தியில் வைத்தேன். தனியாகப் பார்த்தால் தெரியாது, எடுத்துவிட்டால் இருவருக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்ததுபோல் தெரியும்.

கைகோப்பதும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் வேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். வேண்டாம் என்றேன். விரல்கள் அழுந்தும் விதத்தைப் பொய்யாகச் செய்ய முடியாது, பார்வையின் கோணம் கொஞ்சம் தவறினாலும் காதுக்குப் பின்னால் பார்ப்பதுபோல் ஆகிவிடும். இருவரும் நேராக லென்ஸைப் பார்த்தால் அந்தச் சிக்கலே இல்லை. பின்னணிக்கும் அதே நியாயம். அரண்மனைத் தூண் படம் கேட்டார்கள். அந்தத் தூணுக்கும் ஒரு வெளிச்சத் திசை இருக்கிறது, அது நம்முடையது அல்ல. வெற்றுச் சந்தன நிறம் வைத்தேன்.

கூர்மையும் ஒத்துப்போக வேண்டும். கார்டு ஐந்துக்கு ஏழு அங்குலம், 300 பிபிஐ என்றால் 1500க்கு 2100 பிக்சல். இருவரையும் முதலில் அந்த அளவுக்கு இறக்கியபின்தான் கூர்மையை ஒப்பிட்டேன். போன் படத்தின் தோல் கொஞ்சம் வழவழப்பு, ஸ்டுடியோ படத்தில் தோல் துளைகள் தெரிகின்றன. இரண்டுக்கும் மேலே பொடிப்பொடியான புள்ளிகளாக ஒரே மெல்லிய கிரெய்ன் போட்டதும் அந்த வித்தியாசம் அடங்கியது. கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி பெண்ணுக்கு வட்டம், மாப்பிள்ளைக்குச் சதுரம். கார்டில் முகமே ஓர் அங்குலம்தான், இரண்டு புள்ளிகளும் கருவிழியின் மேல் இடப்பக்கம் இருந்ததால் விட்டுவிட்டேன். மண்டப வாசல் ஃப்ளெக்ஸுக்கும் இதே படம் என்று பிறகு சொன்னார்கள். அதில் முகம் இரண்டடி வரும், வடிவம் தெரியும். அதற்காகப் பெரிய அளவிலேயே தனி ஃபைல் வைத்து, மாப்பிள்ளையின் புள்ளிகளை வட்டமாக்கினேன்.

அச்சுக்கு அனுப்புமுன் அவர்கள் தேர்ந்தெடுத்திருந்த அதே கார்டில் ஒரு மாதிரி கேட்டேன். சொரசொரப்பான, பூச்சில்லாத அட்டை. அதில் மை பரவி நடுத்தர அடர்த்திகள் இன்னும் இருளும். நான் எதிர்பார்த்த இடத்திலேயே நடந்தது, மாப்பிள்ளையின் நிழல் கன்னமும் பெண்ணின் சேலை மடிப்புகளும் அடைத்துக்கொண்டன. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே ஃபைலில் நடுத்தர அடர்த்திகளை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, சேலையின் சிவப்பில் கறுப்பு மையைக் குறைத்தேன். இரண்டாவது மாதிரியை வாசல் வெளிச்சத்திலும் ட்யூப்லைட் அடியிலும் பார்த்தோம். இரண்டிலும் முகங்கள் சேர்ந்தே மாறின, ஒன்று மட்டும் தனியாகப் போகவில்லை. மாமா கையெழுத்துப் போட்டார், ஃபைல் அச்சகத்துக்குப் போனது. வாட்ஸ்அப்பில் அனுப்ப, திரைக்கான எஸ்ஆர்ஜிபி நிற அமைப்பில் இன்னொன்றைத் தோஹாவுக்கு அனுப்பினேன்.